உடம்பைப் பற்றி மட்டும் வேண்டாம் அக்கா

திருப்புலிவனம்
புரட்டாசி மாதம், 1982

அன்பு மகள் தேவகிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த வடநாட்டுப் பிலாய் ஊரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வியாக்ரபுரீஸ்வரரை நாளும் வேண்டிக்கொள்கிறேன். இங்கு உன் நைனா சுகம், மாடு கன்று சுகம், கோவிந்தம்மாள் அத்தையும் சுகம். எல்லாரையும் எழுதிவிட்டு அம்மா தன்னை எழுதவில்லையே என்று நீ நினைப்பாய், அதைப் பிறகு எழுதுகிறேன், முதலில் மற்றதைப் படி, நடுவில் தாண்டிப் போகாதே.

மாப்பிள்ளை போன மாதம் நைனாவுக்கு எழுதிய கடிதத்தில் நீ ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாய் என்றும் பகலிலும் அரை வயிறுதான் என்றும் உடம்பைக் குறைக்கிறேன் என்று சொல்லுகிறாய் என்றும் எழுதியிருந்தார். குழந்தைக்கு இன்னும் பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கலாமா தேவகி. யாருக்காகக் குறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் பொங்கலுக்குக் கைக்குழந்தையோடு நீ வந்து வாசலில் இறங்கினபோது அத்தை மாப்பிள்ளை எதிரிலேயே, இன்னாடி தேவகி, உன்ன இழுத்துக்கினு வர்றதுக்கு ரயிலுக்கு ரெண்டு இஞ்சின் போட்டானா என்று கேட்டார்கள். தெருவே சிரித்தது, நீயும் சிரித்தாய், ஆனால் அன்றைக்கு நீ சாப்பிடவில்லை, இருந்த நாள் எல்லாம் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டே இருந்தாய். ஊருக்குப் போய் எழுதினாய், அத்தை வாய் அந்தத் தெருவில் இருக்கிறவரைக்கும் நான் அந்தத் தெருவுக்கு வரமாட்டேன் என்று. அந்தக் கடிதத்தை நைனா படித்துவிட்டு ஏரிப்பக்கம் போய்விட்டார். அதற்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன், தாமதமாகிவிட்டது.

அத்தை என்னையும் விட்டவர்கள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் அவர்களுக்கு நான் நெல்லுக் குதிர். குதிர் வருது வழி வுடுங்க என்பார்கள். மாமியார் இல்லாத வீடு, அக்காவாக இருந்து உன் நைனாவைத் தாய் போல வளர்த்தவர்கள், புருஷனை இழந்து பக்கத்து வீட்டுக்கே வந்துவிட்டவர்கள், என் பிரசவத்துக்கெல்லாம் பக்கத்தில் இருந்து தாங்கினவர்கள், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் கெட்ட எண்ணத்தில் சொல்லுகிறதாக நினைத்துக்கொள்வதில்லை, யாரைப் பார்த்தாலும் முதலில் உடம்பைத்தான் பார்ப்பார்கள், பார்த்ததை உடனே சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான்.

இந்த வருஷம் தை மாதத்துக்குப் பிறகு நான் இளைக்க ஆரம்பித்தேன். முதலில் எனக்கே தெரியவில்லை. ரவிக்கை தொளதொளவென்று ஆயிற்று, தைத்துச் சின்னதாக்கினேன், மறுபடியும் தொளதொளவென்று ஆயிற்று. வளையல் முழங்கைப் பக்கம் ஏறிக்கொண்டது. அத்தைக்கு ஒரே சந்தோஷம். இப்பத்தான் சொக்கம்மா பொம்பளயாட்டம் கீறா என்று பம்ப்செட்டில் துணி துவைக்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார்கள். எதிர்வீட்டுச் சிட்டம்மாள் வந்து, அக்கா நீங்க இன்னா சாப்புடறீங்க எனக்கும் சொல்லுங்க என்று கேட்டாள். பொய் சொல்லுவானேன், எனக்கும் கொஞ்ச நாள் அது நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் குதிர் என்று கேட்ட காதுக்கு அந்தப் பேச்சு இனித்தது. ஆனால் நாலு வாய் சோற்றுக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே கல் வைத்ததைப்போல அடைத்துக்கொள்ளும், சில நாள் தின்றது அப்படியே வெளியே வந்துவிடும். எல்லாரும் மெச்சுகிற நேரத்தில் இதை யாரிடம் போய்ச் சொல்வது. சொன்னால் அதற்கும் ஒரு கேலி வருமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வைகாசியில் அத்தை மகன் ராஜாராம் மனைவிக்கு வளைகாப்பு நடந்தது. சந்தனம் பூசுகிற நேரம், வீடு நிறையப் பெண்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை என் கையைப் பிடித்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, பாருங்கடி, குதிராட்டம் இருந்தவ கொடியாட்டம் ஆயிட்டா, இவ ஒடம்புல இருந்து கழண்டது எல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சிக்கினு கீறீங்க, ரயிலேறிப் போயி தேவகி மேல ஒட்டிக்கிச்சி என்று சொன்னார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு என்னவோ தேவகி, அந்தச் சிரிப்பு நடுவில் உள்ளங்கால் சில்லென்று ஆகிவிட்டது. என் சதையை நீ வாங்கிக்கொண்டாய் என்றால் நான் எங்கே போகிறேன் என்று ஒரு எண்ணம், கெட்ட எண்ணம். நான் சந்தனத்தைப் பூசிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனி இதைக் கேட்டுக்கொண்டு இருக்கப்போவதில்லை, என் மகளைப் பற்றியும் கேட்கப்போவதில்லை என்று.

ஆனால் எப்படிச் சொல்வது. அன்றைக்கே சொல்லியிருந்தால் நாலு பேர் எதிரில் அத்தையை அவமானப்படுத்தினதாக ஆகும், கோபத்தில் சொன்னால் பழைய கணக்கெல்லாம் வாயில் வந்துவிடும், அப்புறம் உடம்புப் பேச்சு போய் குடும்பச் சண்டை ஆகிவிடும். அதனால் ஆறப்போட்டேன். முதலில் நைனாவிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல, அக்காவுக்கு வாயிதான் அப்பிடி, மனசுல ஒண்ணும் கெடையாது, வுட்டுடு என்றார். நான் சொன்னேன், நீங்க அவங்ககிட்ட ஒண்ணும் பேச வேணாம், நானே பேசிக்கிறேன், அவங்க உங்ககிட்ட வந்து என்னப் பத்திச் சொன்னா மட்டும், சொக்கம்மா சொன்னது எனக்கும் சேத்துத்தான் அக்கான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க, அது போதும் என்று. அவர் தலையாட்டினார்.

ஆனியில் விதைக்கு வேர்க்கடலை உடைக்க அத்தை வந்தார்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை, அவர்கள் சாப்பிட்டு வெற்றிலையும் போட்டு நல்ல மனதில் இருந்தார்கள். அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், கோச்சுக்காம முழுசா கேளுங்க என்று ஆரம்பித்தேன். நீங்க எனக்கு மாமியார் எடத்துல கீறீங்க, நீங்க இல்லன்னா எனக்கு இந்த வூட்ல ஒரு பிரசவம் நடந்திருக்காது, அத நான் மறக்கல. ஆனா இனிமே என் ஒடம்பப் பத்திப் பேசாதீங்க. குண்டுன்னும் வேணாம், எளச்சிட்டேன்னும் வேணாம், அழகா கீறேன்னு கூட வேணாம். தேவகியப் பத்தியும் அப்பிடித்தான், அவ எதிர்லயும் வேணாம், அவ இல்லாதப்பவும் வேணாம். கொழம்புல உப்பு இல்லன்னா திட்டுங்க, வேல சரியில்லன்னா கண்டிங்க, கேட்டுக்கிறேன், ஒடம்பு மட்டும் வேணாம் அக்கா என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன். பல நாள் மாட்டுக்குத் தவிடு வைக்கும்போது எல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள்.

அத்தை கையில் இருந்த கடலையை உடைக்காமல் பார்த்தார்கள். நான் இன்னா ஊரான் வூட்டுப் பொம்பளயா, ஆசையில சொன்னேன் என்றார்கள். ஆசை இல்லன்னு நான் சொல்லலக்கா, ஆசையில சொன்னாலும் வலிக்குது என்றேன். இத்தினி வருசம் வலிக்கல, இப்பத்தான் வலிக்குதா என்று கேட்டார்கள். அப்பவும் வலிச்சிது, இப்பத்தான் சொல்ல வாய் வந்துச்சி என்றேன். அப்ப நான் வாயத் தெச்சிக்கினு கெடக்கணும், அதான என்றார்கள். அதற்கு நான், இல்லக்கா, நீங்க பேசலன்னா இந்த வூடு வெறிச்சினு பூடும், மத்தது எல்லாம் பேசுங்க, இது ஒண்ணு மட்டும் வேணாம், மறந்து சொல்லிட்டீங்கன்னா நான் சண்ட போட மாட்டேன், பதிலும் பேச மாட்டேன், எழுந்து உள்ள போயிடுவேன், மரியாத இல்லன்னு நெனச்சுக்காதீங்க என்று சொல்லி முடித்தேன். விளையாட்டாகச் சிரித்துச் சமாளிக்கவும் இல்லை, நான் சொன்னது தப்பு மன்னிச்சுடுங்க என்று பின்வாங்கவும் இல்லை. அத்தை மடியில் இருந்த கடலை ஓட்டுத் தொப்பியை எல்லாம் உதறிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். வீடு முழுக்கக் கடலைத் தொப்பி பறந்தது.

அதற்கப்புறம் காலைக் காபிக்கு வரவில்லை. நான் டம்ளரில் ஊற்றி அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன், பேசினால் பேசுவேன், பேசாவிட்டால் வந்துவிடுவேன், மரியாதையில் ஒன்றும் குறைக்கவில்லை. நைனாவிடம் போய், உம் பொண்டாட்டி எனக்கு வாய்ப்பூட்டு போடறாடா என்று அழுதிருக்கிறார்கள். மனுஷன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவ சொன்னது எனக்கும் சேத்துத்தான் அக்கா, எம் பொண்ணு வூட்டுக்கு வர மாட்டேங்குது என்று சொல்லியிருக்கிறார். நீ வராமல் போனது தன்னால் என்று அவர்களுக்கு அதுவரைக்கும் தெரியாது தேவகி, ரயில் தூரம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றின அன்று ஒருமுறை பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. கூழ்ப்பானை அருகில் நின்ற பெண்களிடம், சொக்கம்மாவுக்கு ரெண்டு கரண்டி சேத்து ஊத்துங்கடி, ஒட்டடக் குச்சியாட்டம் கீறா என்றார்கள். நான் சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு, முகத்தைச் சுளிக்காமல், கோயில் பின்பக்கம் போய் நின்றேன். சிரிக்கத் தொடங்கினவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். கொஞ்சம் பொறுத்து அத்தையே அந்தச் சொம்பை நிரப்பிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்கள். நான் எதுவும் நடக்காததுபோல வாங்கிக்கொண்டு, ராஜாராம் மனைவிக்கு இடுப்புவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர்களும் அதைப் பற்றியே பேசினார்கள். அன்றோடு சரி. பிறகு ஒருநாள் என்னைப் பார்த்ததும், நீ இன்னாடி இப்பிடி என்று ஆரம்பித்து உதட்டைக் கடித்துக்கொண்டு, மாட்டுக்குத் தவிடு கீதா என்று முடித்தார்கள். சிட்டம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அந்தப் பேச்ச வுடு, அவளுக்குப் புடிக்காது என்று அவர்களே அடக்கினார்கள். தெருவில் ஒருவரும் என் உடம்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

கிடைத்த பிறகு எனக்கு ஒரு பயம் வந்தது, அதை உனக்கு எப்படி எழுதுவது. பேச்சு நின்றதும் அத்தையின் பார்வை தொடங்கியது. முன்பெல்லாம் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள், அதோடு போய்விடும். இப்போது சொல்ல முடியாததால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் குடம் தூக்கினால் என் கழுத்து எலும்பைப் பார்ப்பார்கள், நான் திரும்பினால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் சாப்பிட உட்கார்ந்தால் ஏதாவது சாக்கில் வந்து எதிரில் உட்கார்ந்து என் தட்டையே பார்ப்பார்கள். மீதிச் சோற்றை நான் மாட்டுக்குப் போடுகிறதைப் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். அவர்கள் புருஷன் போனபோது நான் புது மருமகள், அவர் எப்படி இருந்தவர் எப்படி இளைத்துப் போனார் என்று எனக்கு மங்கலாகத்தான் நினைவு. அத்தைக்கு மங்கல் இல்லை.

ஆவணிக் கடைசியில் ஒரு மத்தியானம் வந்தார்கள். உட்காரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு வயதில் அவர்கள் என்னிடம் அனுமதி கேட்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். நீ பேசக்கூடாதுன்னு சொன்னதப் பேச வரல சொக்கம்மா, ஒடம்பப் பத்தி இல்ல, அழகப் பத்தி இல்ல, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கேக்கலாமா என்றார்கள். கேளுங்கக்கா என்றேன். உனக்குச் சோறு எறங்குதா என்று கேட்டார்கள். இதை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை தேவகி. இளைத்ததைச் சொன்னார்கள், மெச்சினார்கள், சிரித்தார்கள், சோறு இறங்குகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இல்லக்கா, மாசக்கணக்கா எறங்கல என்றேன். நின்ற இடத்திலேயே கீழே உட்கார்ந்துவிட்டார்கள். ஏண்டி சொல்லல என்றார்கள். சொன்னா அதுக்கும் எல்லாரும் சிரிப்பீங்கன்னு நெனச்சேன் என்றேன். நான் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உண்மை அதுதான். அவர்கள் முகம் போன விதத்தைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். எங்க வூட்டுக்காரருக்கும் மொதல்ல என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டு, நாளைக்கே கெளம்பு, நானும் வரேன் என்றார்கள்.

நைனா, நான், அத்தை மூன்று பேரும் உத்திரமேரூர் போய் பஸ் மாறி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிற பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, ஏம்மா இவ்ளோ எலும்பா கீற, வூட்ல சோறு போடறதில்லையா என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அத்தை முன்னால் போய், ஒடம்பப் பத்திப் பேசாதம்மா, நோவு இன்னான்னு கேளு என்றார்கள். கத்தவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள், அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஒரு இடத்தில் அவர் விரல் நின்றுவிட்டது, மறுபடியும் அங்கேயே அழுத்தினார். எத்தனை மாதமாக என்று கேட்டார், சொன்னேன், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார். சுண்ணாம்புபோல வெள்ளையாக ஒன்றைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நைனாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். உள்ளே போன மனுஷன் வேறு, வெளியே வந்த மனுஷன் வேறு. கட்டி இருக்குதாம், மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணிப் பாத்தாத்தான் தெரியுமாம் என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நீ பயப்படுவாய் என்று இதை மறைக்கலாமா என்று நைனா கேட்டார், நான்தான் வேண்டாம், என் மகளுக்கு நானே எழுதுகிறேன் என்றேன்.

மகாளய அமாவாசை கழித்து மெட்ராஸ் போகிறோம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு வா, கிடைக்காவிட்டால் துணை பார்த்து நீயாவது வா. அத்தைக்குப் பயந்து நிற்காதே. நான் இதை எழுதுகிறேன் என்று தெரிந்து அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் சொன்னது தப்புன்னு அவளுக்கு எழுது என்றார்கள். நான் எழுதப்போனேன். உடனே, இரு இரு, தப்புன்னு எழுதாத, பெரியவ எனக்கு வெக்கமா கீது, இனிமே சொல்ல மாட்டேன்னு எழுது என்றார்கள். இரண்டையும் எழுதிவிட்டேன், அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, நீ சொல்லிவிடாதே. உன் வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தத்தில் யாராவது இப்படிப் பேசினாலும் தனியாகக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல், மரியாதையாகச் சொல், சொன்னதிலேயே நில். பெரியவர்கள் முதலில் கோபப்படுவார்கள், அதற்காகச் சொல்லாமல் இருந்துவிடாதே. என்னைப்போல நோவைக்கூட மறைக்கிற அளவுக்கு அந்தப் பேச்சை வளரவிடாதே.

ராத்திரி சாப்பிடு தேவகி. சோறு இறங்குகிறபோது சாப்பிட்டுவிட வேண்டும். குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, ரயிலில் ஜன்னலோரம் உட்கார வைக்காதே, எந்த வண்டி என்று தந்தி கொடுத்தால் ராஜாராம் மெட்ராஸ் ஸ்டேஷனுக்கு வருவான். உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் எல்லா மங்களமும் உண்டாகட்டும், நூறு வயது இருங்கள். ஒன்று மட்டும் மறக்காமல் மனதில் வைத்துக்கொண்டு வா, நீ விட்டுப்போன அம்மாவாக நான் இல்லை, வாசலில் பார்த்ததும் திடுக்கிடாதே. திடுக்கிட்டாலும் பரவாயில்லை, மற்றவர்களுக்குத்தான் உடம்பைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், உனக்கு இல்லை. நீ வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஏம்மா இப்படி இளைச்சுட்ட என்று கேள்.

இப்படிக்கு, உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா சொக்கம்மாள்